கம்பெனி பெயர் அழிந்த சீலிங் ஃபேனுக்கு எந்தக் கண்டென்சர்?

வேலூரில் பங்குனி முடிவதற்குள்ளேயே எலெக்ட்ரிக்கல் கடைகளில் ஒரே மாதிரிப் புகார் வரத் தொடங்கிவிடும்: "ஃபேன் சுத்துதுண்ணா, காத்துதான் வரல." கடைக்காரர் கண்டென்சரைச் சந்தேகித்துத் திருப்பிக் கேட்பார்: "இன்னா கம்பெனி? எத்தனை எம்எஃப்டி?" எம்எஃப்டி என்பது கண்டென்சரின் அளவு. வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர் அங்கேதான் மாட்டிக்கொள்வார். ஃபேன் அவர் வாங்கியதல்ல. பெயர் எழுதிய ஸ்டிக்கர் எப்போதோ உரிந்து போயிருக்கும், அல்லது வீட்டுக்காரர் சுவரோடு சேர்த்து அதற்கும் பெயின்ட் அடித்திருப்பார். அப்படிப்பட்ட ஃபேனைப் பார்த்து எதைக் கண்டுபிடிக்க முடியும், எதை முடியாது, கடைசியில் எந்தக் கண்டென்சரை வாங்குவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியைக் கண்டுபிடித்தால் கண்டென்சரும் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. கண்டென்சரின் அளவு உள்ளே இருக்கும் காயிலுக்குப் பொருந்த வேண்டும், வெளியே இருக்கும் பெயருக்கு அல்ல. காயில் கம்பெனியில் சுற்றியதாகவே இருக்கும்வரை பெயர் உதவும். ஒருமுறை ரீவைண்டிங் கடைக்குப் போய் வந்த ஃபேனில் அந்தப் பெயருக்குப் பெரிய மதிப்பில்லை.

ஸ்டூலில் ஏறும் முன்

வேகம் குறைந்தால் கண்டென்சர்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் வீட்டின் மற்ற ஃபேன்களைப் பாருங்கள். கோடை ராத்திரியில் எல்லார் வீட்டிலும் ஏசி ஓடும்போது கரண்ட் இறங்கும், எல்லா ஃபேனும் சேர்ந்து சோம்பும். அது லைன் வோல்டேஜ் சமாச்சாரம். ஒரு ஃபேன் மட்டும் மெதுவாக ஓடினால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

அடுத்து ரெகுலேட்டர். இது மூன்று வகையில் இருக்கும். பழைய போர்டில் கைப்பிடி அளவுக்குப் பெரிய பெட்டியாகத் துருத்திக்கொண்டு, ஓடும்போது சூடேறுவது ரெசிஸ்டன்ஸ் வகை. உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். சுவிட்ச் அளவே இருந்து, எண்ணுக்கு எண் 'டக்' என்று நின்று நின்று திரும்புவது ஸ்டெப் வகை. அதற்குள் சின்னச் சின்னக் கண்டென்சர்கள் உண்டு. நிற்காமல் வழவழவென்று திரும்புவது டிம்மர் வகை. குறைந்த வேகத்தில் ஃபேன் 'ங்ங்' என்று உறுமினால் பெரும்பாலும் அந்த வகையாகத்தான் இருக்கும்.

முதல் இரண்டு வகையிலும் கடைசி எண்ணில் வைத்தால் ரெகுலேட்டர் வழியிலிருந்து விலகிவிடும், ஃபேனுக்கு நேர் கரண்ட் போகும். நமக்கு இது வசதி. கடைசி எண்ணில் நல்ல வேகம், 1, 2-ல் மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு ரெகுலேட்டரில். கடைசி எண்ணிலும் மந்தம், கிளம்பவே நேரம் பிடிக்கிறது என்றால் சந்தேகம் கண்டென்சர் மீது. டிம்மர் வகையில் முழுசாகத் திருப்பினாலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

ரெகுலேட்டர் முகப்பில் இருக்கும் கம்பெனிப் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். அந்தக் காலத்தில் ஃபேனோடு சேர்த்தே ரெகுலேட்டர் பெட்டியும் தருவார்கள். பிறகு ஃபேனை மாற்றுவார்கள், பெட்டி மட்டும் போர்டிலேயே இருந்துவிடும். அந்த வீட்டுக்கு முதன்முதலில் வந்த ஃபேன் எது என்பதைத்தான் அந்தப் பெட்டி சொல்லும். இப்போது மேலே தொங்குவது எது என்று அதற்குத் தெரியாது.

ரெகுலேட்டரே இல்லாமல் ரிமோட்டில் ஓடும் புது ஃபேன் என்றால் ஸ்டிக்கரைப் பாருங்கள். பிஎல்டிசி என்றோ 28, 35 வாட் என்றோ போட்டிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. அதற்குள் நாம் தேடும் கண்டென்சர் கிடையாது, ஒரு எலெக்ட்ரானிக் போர்டுதான் இருக்கும். நாம் பேசுவது 50 முதல் 80 வாட் வரை இழுக்கும் சாதாரண இண்டக்‌ஷன் ஃபேன்.

மெயினை இறக்கிவிட்டு

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள். தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை மாதிரிப் பழைய தெருக்களில் சுவிட்ச் நியூட்ரலில் போட்ட வீடுகள் இன்னும் இருக்கலாம். அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபேனில் பேஸ் நிற்கும். எம்சிபியை இறக்குங்கள், அல்லது ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே போனதும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஏறியதும் முதல் வேலை, றெக்கையைக் கையால் ஒரு தள்ளு தள்ளுவது. தானாகச் சில சுற்று ஓடி மெல்ல நிற்க வேண்டும். ஒரு சுற்றுக்குள் இறுகி நின்றாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ பேரிங் போய்விட்டது. அதற்கு எந்தக் கண்டென்சர் போட்டும் பயனில்லை. சுலபமாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் கிளம்பாமல் உறுமுகிறது, கீழிருந்து குச்சியால் தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே ஓடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், கண்டென்சர் முழுசாகச் செத்துவிட்டது.

றெக்கை, மூடி, பாடி: மூன்றும் என்ன சொல்கின்றன

றெக்கையின் வடிவத்தைப் பார்த்துக் கம்பெனி சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. தினம் பத்து ஃபேன் கழற்றுகிறவர்களுக்கு அது வரும். புதிதாகப் பார்க்கும் நமக்கு வராது, வந்தாலும் நம்பக் கூடாது. கடையில் மூன்று றெக்கை கொண்ட செட் தனியாகவே விற்கிறது. வளைந்துபோன றெக்கைக்குப் பதில் வேறு கம்பெனி செட்டைத் துளை ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து மாட்டிவிடுவார்கள். றெக்கையிலிருந்து நமக்குக் கிடைக்கும் நிச்சயமான தகவல் ஒன்றே ஒன்று, அதன் வீச்சு. மோட்டாரின் நடுமையத்திலிருந்து றெக்கை நுனிவரை டேப் வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். 60 செ.மீ. வந்தால் 1200 மி.மீ., அதாவது 48 இஞ்ச் ஃபேன். வீடுகளில் பெரும்பாலும் இதுதான். 45 செ.மீ. என்றால் 36 இஞ்ச், 70 செ.மீ. என்றால் 56 இஞ்ச்.

அளக்கும்போதே றெக்கையின் மேல்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கீழிருந்து தெரியாத அந்தப் பக்கத்தில்தான், மோட்டாரோடு சேரும் இரும்புப் பட்டைக்கு அருகில், சிலவற்றில் பெயரோ எண்ணோ அச்சு குத்தியிருக்கும். மூன்று றெக்கையிலும் ஒரே எழுத்து இருந்து, பாடியிலும் அதே எழுத்து இருந்தால் செட் மாறவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

அடுத்தது மூடிகள். டவுன் ராடில் இரண்டு கிண்ணம் இருக்கும். கூரையைத் தொட்டுக்கொண்டு இருப்பது கொக்கியை மறைக்க. மோட்டாருக்கு மேலே இருப்பதுதான் நமக்கு வேண்டியது, பெரும்பாலான ஃபேன்களில் கண்டென்சர் அதற்குள்ளேதான் இருக்கும். சில பழைய ரகங்களில் மோட்டாரின் அடிப்பக்க மூடிக்குள் வைத்திருப்பார்கள். அந்த அடி மூடியின் நடுவில் கம்பெனிச் சின்னம் இருப்பது வழக்கம். கிராம்ப்டன், உஷா, ஓரியண்ட், பஜாஜ், கைத்தான், ஹேவெல்ஸ் என்று பெயரே போட்டிருக்கும், அல்லது சின்னம் விழுந்த வட்டப் பள்ளம் மட்டும் மிஞ்சியிருக்கும். பெயர் எழுதிய விதத்திலேயே வயதும் கொஞ்சம் தெரியும். 'கிராம்ப்டன் கிரீவ்ஸ்' என்று முழுசாக இருந்தால் பழசு, 'கிராம்ப்டன்' என்று மட்டும் இருந்தால் பிந்தியது. அடி மூடியும் திருகி மாட்டும் பொருள்தான், இடம் மாறியிருக்கலாம்.

இடம் மாற முடியாதது மோட்டார் பாடி. அதன் மேல்பக்கம், கிண்ணத்துக்குக் கீழே தூசி படிந்த இடத்தில் விவரத் தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். வீச்சு, வாட், நிமிடச் சுற்று எல்லாம் அதில்தான். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் கட்டாயம் ஆனதால், அதற்குப் பிறகு வந்தவற்றில் அதையும் பார்க்கலாம். பெயின்ட் அடித்திருந்தால் சுரண்ட வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அச்சுக் குத்திய எழுத்தின் மேடு பெயின்டுக்கு அடியிலும் நிழல் விழுந்து தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும், எல்லாவற்றையும் மிஞ்சிய சாட்சி பழைய கண்டென்சர்தான். கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி ராடு வழியாக மேலே தூக்கி, டேப்பால் ராடோடு ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு ஒயரோடு ஒரு வெள்ளை அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் டப்பி இருக்கும். அதில் எம்எஃப்டி அல்லது மியூ எஃப் என்று முடியும் ஒரு எண்ணைத் தேடுங்கள். இரண்டும் மைக்ரோஃபாரட்தான். கூடவே 440 வோல்ட், கூட்டல் கழித்தல் 5 சதவீதம், ஐ.எஸ். 1709 என்றெல்லாம் இருக்கும். ஐ.எஸ். 1709 ஃபேன் கண்டென்சருக்கான இந்தியத் தர எண்.

கிண்ணம் திறந்திருக்கும்போதே மோட்டார் ஒயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். கம்பெனி ஒயர் ஒரே தடிமனில், ஒரே அளவு பழசாகி மங்கியிருக்கும். ஒயர் மட்டும் புதுசு, மேலே மஞ்சளாகவோ கறுப்பாகவோ தனிக் குழாய் நுழைத்திருக்கிறது, பாடித் திருகுகளின் தலை சிதைந்திருக்கிறது என்றால் ரீவைண்டிங் நடந்திருக்கிறது. அப்போது தகடு சொல்வதை விட்டுவிட்டு, ரீவைண்டிங் செய்தவர் போட்ட கண்டென்சரின் எண்ணையே பின்பற்றுங்கள்.

காட்பாடியில் ஒரு ஹால் ஃபேன்

காட்பாடி காந்தி நகரில் சித்தி வீட்டு ஹாலில் இருந்த ஃபேனை எடுத்துக்கொள்வோம். வீட்டில் இன்னொரு ஃபேன் நன்றாகவே ஓடியது, ஆக வோல்டேஜில் குறையில்லை. ரெகுலேட்டர் ஸ்டெப் வகை, 5-ல் வைத்தும் மந்தம். கையால் தள்ளினால் தாராளமாகச் சுற்றியது. றெக்கையில் ஒரு கம்பெனியின் அச்சு, அடி மூடியில் வேறொரு கம்பெனியின் சின்னம். பாடித் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவிட் துளை மட்டும். மையத்திலிருந்து நுனிவரை 60 செ.மீ., ஆக 48 இஞ்ச். ஒயர்கள் ஒரே அளவு மங்கியிருந்தன, திருகுத் தலைகள் சிதையவில்லை. காயில் கம்பெனியுடையதே என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்டென்சர் டப்பியின் எழுத்து சூட்டில் மங்கி, '2.' என்ற துண்டும் '440' என்பதும் மட்டும் தெரிந்தன. 48 இஞ்ச் ஃபேனில் '2.' என்று தொடங்குவது 2.25 அல்லது 2.5 ஆகத்தான் பெரும்பாலும் இருக்கும். கண்டென்சர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரில் வைத்தால் 1.4 காட்டியது. 2.25 என்று கொண்டாலும் 5 சதவீதச் சலுகையில் 2.14-க்குக் கீழே போகக் கூடாது. ஆக, இது தேய்ந்த சரக்கு.

'தேய்வது' என்பது இங்கே உண்மையாகவே நடக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். எங்காவது மின்சாரம் படலத்தைத் துளைத்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி, துளை தானே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போகும், அளவும் அந்தளவு இறங்கும். சூடு கூடினால் இது வேகமாக நடக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே, நம் ஊர் மே மாத வெயிலில் காய்ந்த கான்கிரீட்டை ஒட்டித் தொங்கும் ஃபேனில் கண்டென்சர் சீக்கிரம் சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம்.

2.25-ஆ, 2.5-ஆ? சித்தி வீட்டுக்கு 2.5 வாங்கினோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீதம்தான், 2.5 எந்தக் கடையிலும் கிடைக்கும். போட்ட பிறகு சூடு கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் "3.15 போட்டா காத்து அள்ளும்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். சில ரகங்களுக்குக் கம்பெனியே 3.15 கொடுக்கிறது, அவற்றின் காயில் அதற்கென்றே சுற்றியது. 2.5-க்குச் சுற்றிய காயிலில் 3.15 போட்டால் வேகம் கொஞ்சம் ஏறலாம். கண்டென்சரோடு சேர்ந்த ஸ்டார்ட்டிங் காயிலில் அளவுக்கு மேல் கரண்ட் ஓடி வார்னிஷ் வேகும், பிறகு செலவு ரீவைண்டிங் கடையில். குறைவாகப் போட்டால் காயிலுக்கு அவ்வளவு ஆபத்தில்லை, காற்றுதான் வராது.

வோல்ட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தானே என்று 250 வோல்ட் கண்டென்சரை எடுக்காதீர்கள். ஓடும்போது கண்டென்சரின் இரு முனைக்கும் இடையே லைன் வோல்டேஜைவிட அதிகமாகவே நிற்கும். 440 வோல்ட் ஏசி என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். டப்பியின் உயரத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள். பெரிதாக இருந்தால் கிண்ணம் மூடாது, மூடினாலும் ஒயரை நசுக்கும்.

மாற்றுவது

கழற்றும் முன் ஃபோனில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள். ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மனதில் வைத்துக்கொள்ள முடியாது. கண்டென்சர் காயிலோடு சேர்ந்திருக்கும்வரை அதன் மின்சாரம் காயில் வழியாக வடிந்துவிடும். காயில் அறுந்திருந்தால் வடியாது, அதனால் எப்போதும் ஒரு பழைய குண்டு பல்பின் ஹோல்டர் ஒயர்களை அதன் இரு முனையிலும் தொட்டு எடுத்துவிட்டுக் கை வையுங்கள்.

கனெக்டரில் மூன்று முனை இருக்கும். ஒன்றில் நியூட்ரலும் மோட்டாரின் காமன் ஒயரும். இரண்டாவதில் ரெகுலேட்டரிலிருந்து வரும் பேஸ், ரன்னிங் ஒயர், கண்டென்சரின் ஒரு கால். மூன்றாவதில் ஸ்டார்ட்டிங் ஒயரும் கண்டென்சரின் இன்னொரு காலும். பழைய கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றி, புதியதின் ஒரு காலை அங்கே திருகிவிட்டு, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். எந்தக் கால் எங்கே என்ற கவலை வேண்டாம், இதில் கூட்டல் கழித்தல் கிடையாது.

யாரோ ஏற்கெனவே எல்லாவற்றையும் பிடுங்கிவைத்திருந்தால் மூன்று மோட்டார் ஒயரையும் இரண்டிரண்டாக ஓம் அளந்து பாருங்கள். உதாரணமாக 150, 180, 330 என்று வந்தால், 330 காட்டிய ஜோடிக்கு நடுவில்தான் கண்டென்சர். அந்த ஜோடியில் சேராத ஒயர் காமன். காமனுக்கு நியூட்ரல், ஜோடியில் ஒன்றுக்குப் பேஸ். ஃபேன் ஓடியும் கீழே காற்று வராமல் மேல்பக்கம் தள்ளினால் தலைகீழாகச் சுற்றுகிறது என்று பொருள். மெயினை இறக்கிவிட்டுப் பேஸை ஜோடியின் மற்ற ஒயருக்கு மாற்றுங்கள். அப்படியே ஓடவிட்டால் காயில் சூடேறும்.

மூடும் முன் ஒரு விஷயம். சீலிங் ஃபேனில் நடுவே இருக்கும் காயில் நிற்க, வெளிப்பாடிதான் சுற்றுகிறது. தொய்ந்த ஒயர் ஒன்று பாடியைத் தொட்டால் போதும், சில நாளில் இன்சுலேஷன் தேய்ந்து பாடிக்கே கரண்ட் வந்துவிடும். பாடியின் மேல்பக்கத்தில் வட்டமாகப் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் ஏற்கெனவே ஏதோ உரசியிருக்கிறது. ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றி ராடுப் பக்கம் ஒதுக்குங்கள். கிண்ணத்தை இறக்கும்போது பாடிக்கும் அதற்கும் இடையே விரல் நுனி நுழையும் இடைவெளி விடுங்கள். டவுன் ராடு போல்ட்டில், அது கழன்று விழாமல் காக்கும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எத்தனையோ வீட்டில் அது இருப்பதே இல்லை.

சரியாகப் பொருந்தியதா?

வேகத்தை அளக்க ஒரு சுலப வழி இருக்கிறது. மெயின் இறங்கியிருக்கும்போதே ஒரு றெக்கையின் அடியில் சாக்பீஸால் தடித்த கோடு போடுங்கள். பிறகு ஃபேனை முழு வேகத்தில் விட்டு, ஃபோனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பிடியுங்கள். அது எட்டு மடங்கு மெதுவாக ஓடும். ஆகவே திரையில் 8 நொடிக்குள் கோடு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணி 60-ஆல் பெருக்கினால் நிமிடச் சுற்று. சித்தி வீட்டில் மாற்றும் முன் 8 நொடியில் மூன்றரைச் சுற்று, அதாவது 210. மாற்றிய பிறகு கிட்டத்தட்ட ஆறு, 360-க்குப் பக்கம். 48 இஞ்ச் ஃபேனுக்கு 350 சொச்சம் நல்ல கணக்கு.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மெயினை இறக்கிப் பாடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைத்த இடத்தில் வைத்திருக்க முடியாத சூடு, அல்லது வார்னிஷ் வாடை, அல்லது முன்பில்லாத உறுமல் இருந்தால் கண்டென்சர் அளவு கூடிவிட்டது. 2.5-ஐக் கழற்றி 2.25 போட்டுப் பாருங்கள். அதிலும் சூடு குறையவில்லை என்றால் காயிலில் ஷார்ட் இருக்கிறது, ஃபேனை இறக்கி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். வேகம் 300-க்குக் கீழேயே நின்றால், ரெகுலேட்டரை விலக்கி நேராக இணைத்து ஒருமுறை பார்க்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரி என்றால் கிண்ணத்தின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் '2.5 / 440' என்றும் மாதம், வருஷமும் எழுதிவிட்டுத் திருகை இறுக்குங்கள்.